பாட்டிலும் நாய்களும்

பச்சைமலை ஓட்டப் பந்தயத்துக்குத் தண்ணீரை எதில் கொண்டுபோவது என்று எனக்கும் மனைவிக்கும் தினமும் சண்டை. இடுப்பு பெல்ட் குதித்துக் குதித்து என் டிரவுசரையும் சேர்த்து இறக்கியது. முதுகில் பை மாதிரி மாட்டும் வெஸ்ட்டின் தண்ணீர்ப் பையில் காற்றை உறிஞ்சி எடுக்காமல் விட்டதால், அடிக்கு அடி குடம் மாதிரித் தளும்பியது. அந்தச் சத்தத்துக்கே அரியலூர் சுண்ணாம்புச் சுரங்க ரோட்டு நாய்கள் என்னைத் துரத்தின. கையில் பாட்டிலோடு ஓடிய மனைவியைக் கண்டால் மட்டும், கல்லென்று பயந்து ஒதுங்கின. மானத்தை விட்டு நானும் பாட்டிலுக்கு மாறினேன்.

பந்தயக் காலையில் அவள் என் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். காற்றை எடுத்திருந்தாள், துளிச் சத்தமில்லை.

"மலையில நாய் ஏதுங்க? பாறை ஏற ரெண்டு கையும் வேணுமில்ல?"

பாதி மலையில், பாறையைக் கட்டிக்கொண்டு தொங்கும்போதுதான் எனக்குச் சரியான பதில் தோன்றியது. வாயில் பாட்டில் இருந்தது.