பூட்டுப் படம் போட்ட ஃபோல்டர்

எங்கள் செக்‌ஷனில் ஐந்து பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் அது; விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிது. டி டிரைவைத் திறந்தால் இருநூறுக்கு மேல் ஃபோல்டர்கள், எல்லாம் ஒரே மஞ்சள். கோர்ட் வழக்குகளின் பொறுப்பு என்னிடம் இருந்தது. வழக்குக்குத் தேதி நெருங்கும்போது அந்த மஞ்சள் கடலில் ஒவ்வொரு பெயராகப் படித்துத் தேடி எனக்குக் கண் பூத்துப்போகும்.

ஒருநாள் மதிய இடைவேளையில் நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போனால், கடைசியில் கஸ்டமைஸ் என்று ஒன்று இருந்தது. அதில் ‘சேஞ்ச் ஐகான்’ பொத்தானை அழுத்தியதும் படங்கள் வரிசையாக வந்தன. பார்லிமென்ட் கேள்விகளுக்கு நட்சத்திரம் வைத்தேன். கோர்ட் வழக்குகளுக்குப் பூட்டு. வேறெந்தக் காரணமும் இல்லை, அந்தக் கூட்டத்தில் அதுதான் பளிச்சென்று தெரிந்தது. ஓகே, அப்ளை. அன்றிலிருந்து டிரைவைத் திறந்த கணத்தில் என் ஃபோல்டர் கண்ணில் படும்.

இரண்டு மாதம் கழித்து, மகளுக்கு அம்மை போட்டதால் நான்கு நாள் லீவில் இருந்தேன். திரும்பிப் போன அன்று என் மேஜைமேல் ஒரு மெமோ. ‘மேலதிகாரியின் அனுமதியின்றி அரசுக் கோப்புகளைப் பூட்டி வைத்தது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தரவும்.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் பஞ்சாபி, நல்ல மனுஷர். அவரிடம் கேட்டேன்.

“பஹன்ஜி, நீங்க லீவில் இருந்தப்போ அரசு வக்கீல் ஒரு பதில் மனு கேட்டார். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபோல்டர்ல பூட்டு தொங்கிச்சு. ஆபீசர் சாஹப்கிட்டப் போய்ச் சொன்னேன்.”

“திறந்து பார்த்தீங்களா?”

“பூட்டியிருக்கே, எப்படித் திறக்கிறது?”

“ஒரு தடவையாவது டபுள் கிளிக் பண்ணிப் பார்த்தீங்களா, பாய் சாஹப்?”

அவர் தலையைச் சொறிந்தார். மனு போகாததால் கோர்ட்டில் வாய்தா வாங்க வேண்டியதாகிவிட்டதாம். வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மெமோ அடிக்க மட்டும் தோன்றியிருக்கிறது!

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக செக்‌ஷன் ஆபீசர் அறைக்குப் போனேன்.

“சார், ஒரு நிமிஷம் கம்ப்யூட்டர்கிட்ட வாங்க.”

“எதுவானாலும் எழுத்தில் கொடுங்க மேடம்.”

“எழுதியும் கொடுக்கிறேன். முதல்ல கண்ணால பாருங்க.”

வந்தார். மவுஸை அவர் கையிலேயே கொடுத்தேன். “நீங்களே டபுள் கிளிக் பண்ணுங்க.” பண்ணினார். ஃபோல்டர் திறந்தது. வக்கீல் கேட்ட மனு மேலேயே இருந்தது. பாஸ்வேர்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

“இது வெறும் படம், சார். உள்ளே இருக்கிற எதையும் இது தொடாது.”

மவுஸைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “அச்சா, அப்படின்னா பூட்டுப் படத்தை ஏன் வைச்சீங்க? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?”

தப்பு அப்போதும் என்மேல்தான்! பதினெட்டு வருட சர்வீசில் ஒரு கறை கிடையாது எனக்கு. ஒரு படத்தைப் பார்த்துப் பயந்துபோன இரண்டு பேர், திறந்துகூடப் பார்க்காமல் என் பெயரில் குற்றம் எழுதியிருக்கிறார்கள்.

அன்று கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

“ஆபீசர்கிட்ட மோதாதே. ஸாரின்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டு விட்டுடு,” என்றார்.

“எதுக்குங்க ஸாரி? அவங்க திறக்காததுக்கா?”

ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதினேன். ஐகான் என்றால் என்ன, அதை யார் வேண்டுமானாலும் எப்படி மாற்றலாம், ‘ரெஸ்டோர் டீஃபால்ட்ஸ்’ அழுத்தினால் எப்படிப் பழைய மஞ்சள் திரும்பும் என்று எல்லாம் எழுதி, மெமோவை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும் என்று முடித்தேன். பூட்டை நானே எடுத்துவிட்டு அங்கே ஒரு மரத்தை வைத்தேன். மரத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் அல்லவா?

பதில் வரவில்லை. கேட்டபோதெல்லாம் ஆபீசர் “சோடியே மேடம், விட்டுடுங்க, அது முடிஞ்சுபோன விஷயம்” என்பார். எனக்கு அது முடிந்துபோகவில்லை. என் சர்வீஸ் ஃபைலில் அந்தத் தாள் உட்கார்ந்திருந்தது.

ஒரு மாதம் போனது. ஒருநாள் அவரே என் மேஜைக்கு வந்தார். அவர் அறைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

“மேடம், முக்கியமான ஃபோல்டர் ஒண்ணு. தனியாத் தெரியணும். அந்த மரம், நட்சத்திரமெல்லாம் எப்படி வைக்கிறது?”

செக்‌ஷனே நிமிர்ந்து பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“சொல்லித் தர்றேன், சார். ரெண்டு நிமிஷ வேலை. முதல்ல என் மெமோ.”

முகம் சிவந்து திரும்பிப் போனார். மறுநாள் மாலை ஒரு தாள் வந்தது: ‘விளக்கம் ஏற்கப்பட்டது. மெமோ திரும்பப் பெறப்படுகிறது.’ வருத்தம் என்று ஒரு சொல் அதில் இல்லை. ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் அறைக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். கோபம் மட்டும் ஆறவில்லை.