முப்பத்தேழாம் நம்பர் செக்

சேர்ந்து பேங்க்கில் கணக்கு வைத்தால் சண்டை வராது என்று எங்களுக்குச் சொன்ன உறவினரை இப்போது நேரில் பார்த்தால் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியாது. அப்பா இறந்த பிறகு வேப்பம்பட்டில் இருந்த ஒரு மனையை விற்றோம். அந்தப் பணம் அம்மாவின் வைத்தியத்துக்கு மட்டும் என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டோம். அம்மா ஆவடியில் அக்கா வீட்டில் இருக்கிறார். நான் முகப்பேரில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும்னு போட்டுடுங்க, நாளைக்கு ஒரு பேச்சு வராது" என்றார் அந்த உறவினர். அப்படியே போட்டுவிட்டோம். முதல் பெயர் அக்கா, இரண்டாவது பெயர் நான்.

அப்படிப் போட்டால் என்னவெல்லாம் கிடைக்காது என்பதை ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏடிஎம் கார்டு கிடையாது. போனில் பணம் அனுப்ப முடியாது. கணக்கை ஆப்பில் வெறுமனே பார்ப்பதற்குக்கூட ஒரு படிவம் உண்டு. அதிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் படிவம் என் பையில் எட்டு மாதம் இருந்து மடிப்பில் கிழிந்தே போனது. பணம் எடுத்தால் வரும் எஸ்எம்எஸ்ஸும் முதல் பெயரின் நம்பருக்குத்தான் போகும். ஆக, என் பெயரும் இருக்கிற கணக்கில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. அக்கா பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பினால் உண்டு.

ஒவ்வொரு செலவுக்கும் முகப்பேரிலிருந்து ஆவடி வரை ஒரு கையெழுத்துக்காகப் போய்வருவது யாரால் ஆகும்? பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்ற ஒரு நாளில் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. செக் புத்தகத்தில் இருபது தாள். எண்கள் இருபத்தொன்றில் தொடங்கி நாற்பதில் முடியும். முதல் பத்தில் நான் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தில் அக்கா கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாள். யாருக்குப் பணம் வேண்டுமோ அவர்கள் தங்கள் கையெழுத்தையும் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பேங்க்கைப் பொறுத்தவரை இரண்டு கையெழுத்தும் இருக்கும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அக்காகூட "படிச்சவன் படிச்சவன்தான்டா" என்றாள்.

இந்த வருடம் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று முடிவானது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். பாஸ்புக்கில் பதிந்து படம் அனுப்பினாள். அவள் எடுக்கும் படத்தில் எப்போதும் ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். இதில் செக் எண் அச்சாகும் பகுதி முழுக்கப் போய்விட்டது. மிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: நாற்பதாயிரம், ரொக்கமாக எடுத்தது, செல்ஃப்.

நான் எடுக்கவில்லை. அப்படியென்றால் அவள்தான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள். ஒரு மாதம் கழித்து ரொக்கமாகப் பதினைந்தாயிரம் போடப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பத்தாயிரம். எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் எனக்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

போன் போட்டேன். "அக்கா, நாப்பதாயிரம் எடுத்தது யாரு?"

"அத்த வுடுடா. ஆஸ்பத்திரிக்குக் கொறையாது. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"வுடுன்னா என்ன அர்த்தம்? யாரு எடுத்ததுன்னு கேட்டா வுடுன்றே."

"பக்கத்துல உன் பொண்டாட்டி கீறாளா?"

"இருந்தா என்ன? அவளுக்குத் தெரியாம என்ன பேசப்போறோம்?"

"அப்புறம் பேசலாம்டா, தம்பி. போனை வையி."

அந்தத் 'தம்பி'தான் என்னைக் கொளுத்திவிட்டது. திருட்டைச் செய்துவிட்டுத் தம்பி என்று தடவிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் மாமா, அதாவது அக்காவின் கணவர், புது வண்டி வாங்கியிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா வண்டி வாங்கினப்பவே நெனச்சேன்" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். போன் அவர்கள் வீட்டில் ஸ்பீக்கரில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி செய்தி அனுப்பினேன்: சனிக்கிழமை நீயும் பேங்க்குக்கு வா, ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் இரண்டு பேரும் நேரிலேயே கையெழுத்துப் போடுவோம், இனி தாளில் முன்கூட்டிப் போடுவதெல்லாம் வேண்டாம். 'சரி' என்று மட்டும் பதில் வந்தது. நான் வேலை செய்வது கம்ப்யூட்டர் கம்பெனியில். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பதிவேட்டைப் பார், அப்புறம் ஆளைச் சொல் என்று தினமும் பத்து பேருக்குப் பாடம் எடுக்கிறவன். சொந்த அக்கா விஷயத்தில் மட்டும் பதிவேட்டின் பாதி வெட்டுப்பட்ட படமே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆவடிக் கிளையில் சனிக்கிழமைக் கூட்டம். டோக்கன் எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் அக்கா தன் பையை வைத்திருந்தாள். அவள் கையில் வளையல் இல்லை என்பதைப் பார்த்தேன். ஆபரேஷன் நேரத்தில் எதற்குப் போட்டுக்கொண்டு அலையவேண்டும் என்று கழற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

மேசையில் இருந்த அதிகாரி இளவயதுப் பெண். படிவத்தை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் விடவில்லை. "மேடம், இந்தக் கணக்குல நாப்பதாயிரம் ரொக்கமா போயிருக்கு. அதை எங்க ரெண்டு பேர்ல யார் எடுத்ததுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் பாஸ்புக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது ரெண்டு பேரும் சேர்ந்து இயக்குற கணக்கு. யார் எடுத்தாங்கன்னு கேட்டா எங்க பதில் ஒண்ணுதான். ரெண்டு பேரும் எடுத்தீங்க."

"நான் எடுக்கலங்க."

"உங்க கையெழுத்து இல்லாம பணம் போயிருக்காது. எஸ்எம்எஸ் அக்கா நம்பருக்குப் போயிருக்கும், உங்களுக்கு வராது. அதனால நடக்கலைன்னு ஆயிடுமா?"

கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் முன்கூட்டியே போட்டுக் கொடுத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு மாத்திக்கிட்டீங்களா? அப்புறம் எதுக்கு சார் ரெண்டு கையெழுத்துன்னு போட்டீங்க?" என்றார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி ஏதோ தட்டி, செக்கின் படத்தைக் கொண்டுவந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

எண்ணின் கடைசியில் முப்பத்தேழு.

முப்பத்தொன்றிலிருந்து நாற்பது வரை என் பங்கு. செல்ஃப் என்று எழுதியிருந்தது என் கையெழுத்தில். தொகை என் கையெழுத்தில். தேதி, பணம் போன நாளுக்கு இரண்டு மாதம் முந்தையது. அதிகாரி பின்பக்கப் படத்தையும் காட்டினார். பணத்தை வாங்கியவர் போட்ட கையெழுத்தும் போன் நம்பரும் இருந்தன. அது அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட்டும் கைப்பிடியும் வைக்க நான் பேசிய கான்ட்ராக்டரின் பெயர்.

எல்லாம் ஞாபகம் வந்தது. முன்பணத்தைச் செல்ஃப் என்று எழுதிக் கொடுங்க சார், யார் கொண்டுபோனாலும் ரொக்கம் தருவாங்க, சட்டென்று மாற்றிக்கொள்வேன் என்றார். கொடுத்தேன். இரண்டு வாரம் வேலைக்கு வரவே இல்லை. செக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, "அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன் சார்" என்றார். நான் நம்பி, வேறு ஆளை வைத்து வேலையை முடித்து, என் சொந்தக் கணக்கிலிருந்து பணம் கொடுத்துவிட்டேன். பணத்தை நிறுத்தச் சொல்லி பேங்க்கில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சோம்பல். என் நோட்டில் முப்பத்தேழுக்கு நேராக 'கேன்சல்' என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். அந்த ஆள் செக் காலாவதியாவதற்குள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீ எடுக்கலியா?" என்றாள்.

"நீ என்ன நெனச்சே?"

"எஸ்எம்எஸ் வந்துச்சு. முப்பத்தேழுன்னு போட்டிருந்துச்சு. உன் தாள்தானே. உனக்கு இன்னா கஷ்டமோன்னு நெனச்சேன். ஊட்டுல தெரியாம எடுத்திருப்பே. கேட்டா உனக்கு அசிங்கமா இருக்கும்."

"அந்தப் பதினைஞ்சும் பத்தும்?"

"அம்மா ஆபரேஷன் வருதில்ல. கொறையக்கூடாதுன்னு வளையலை வெச்சுட்டுப் போட்டேன். மீதிப் பதினஞ்சு இந்த மாசம் சீட்டு எடுத்துப் போடலாம்னு இருந்தேன்."

பணம் போட யார் கையெழுத்தும் வேண்டாம். யார் போட்டார்கள் என்று பாஸ்புக்கில் அச்சாவதும் இல்லை. அவள் போட்டாள், நான் அதைத் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்து வைத்தேன். எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை அவள் என்னைக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை நான் அவளைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதிகாரி எங்கள் இருவரிடமும் இருந்த கையெழுத்துத் தாள்களை மேசை மேல் வைக்கச் சொல்லி, எங்களையே கிழிக்கச் சொன்னார். யாராவது ஒருவர் கையெழுத்தே போதும் என்று கணக்கை மாற்றினால் ஆளுக்கொரு கார்டு வரும், இரண்டு பேரும் தனித்தனியாக ஆப்பில் பார்க்கலாம் என்றார். அதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

நான் பணம் அனுப்பும் படிவம் ஒன்றை வாங்கி, அக்காவின் கணக்குக்கு இருபத்தைந்தாயிரம் என்று எழுதினேன். வளையலை மீட்க அவள் பணம் அவளுக்குப் போகட்டும் என்று. கீழே என் கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன். அவள் பேனாவை எடுத்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள்.

"உங்க மாமா அந்த வண்டிய டியூ போட்டு வாங்கினாரு. வேலைக்குப் போகத்தான். நீ பேசினத அவரும் கேட்டாரு. அதுலேர்ந்து அந்த மனுசன் சரியா சாப்புடல."

"நான் தப்புதான் அக்கா. இப்ப கையெழுத்துப் போடு."

"வெளிய நிக்கறாரு. என்னை இறக்கி உட்டுட்டு, உள்ள வரமாட்டேன்னாரு. முதல்ல அவராண்ட போய்ப் பேசு. அவரு உள்ள வந்தா நான் போடுறேன்."

கண்ணாடிக் கதவு வழியாக மாமா தெரிந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் வண்டி மேல் உட்காராமல், அதன் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒற்றைக் கையெழுத்தோடு இருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவர் என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.