ஐந்தாவது ஜோடி

திருக்கடையூரில் அப்போதே அறுபதாம் கல்யாணம் நடத்திவைக்கிற தொழிலில் ஈ மொய்க்கிற மாதிரி ஆள். சன்னதித் தெருவில் வீட்டுக்கு வீடு பலகை. ஐயர், ஹோமம், மாலை, நாயனம், தங்க ரூம், சாப்பாடு எல்லாம் ஒரே ஆள் கையில். அந்தக் கூட்டத்துக்குள் நானும் ஒரு பலகை மாட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள் நான். மாயவரத்தில் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் ஆறு வருஷம் ஆர்டர் எழுதி, அந்த ஆள் அதட்டுவதையெல்லாம் கேட்டு, வயிறெரிந்து கிடந்தேன்.

பலகை மாட்ட வேண்டுமானால் அப்பாவின் மூன்று மா நிலத்தை விற்க வேண்டும். ஒரு ஏக்கர்தான். சொந்தம் என்று அதுதான் மிச்சம். அப்பா பண்ணை நிலத்தில் குத்தகைக்காரராக இருந்தவர். அந்தக் குத்தகை உரிமைக்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். ஆட்சி மாறியது, கொடி மாறியது, உழுகிறவனுக்குச் சட்டம் வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பதிவேட்டில் அப்பா பெயர் மட்டும் ஏறவே இல்லை. கடைசி வருஷம் அப்பா நட்டு விளைந்து நின்ற சம்பாவைப் பண்ணை ஆட்கள் பட்டப்பகலில் அறுத்துக்கொண்டு போனார்கள். அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

மிஞ்சிய நிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விற்க எனக்கும் மனசு வரவில்லை. முதலில் அந்தத் தெருவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றேன். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ள வந்தவர்கள் மாதிரி ஒவ்வொரு பலகைக்குள்ளும் நுழைந்தேன்.

"வாங்கம்மா, உக்காருங்க. அப்பாவுக்கா? என்ன மாசம், என்ன நட்சத்திரம்?"

"கார்த்திகை, ரோகிணி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வருகிற நாளில்தான் செய்வார்கள் என்பதால் அந்த ஆள் உடனே டைரியைத் திறப்பார். நான் எதிரில் உட்கார்ந்தபடியே தலைகீழாகப் படித்துவிடுவேன். ஒரு நாளுக்கு எத்தனை பெயர் எழுதியிருக்கிறது, எத்தனை பக்கம் காலி என்று எல்லாம் தெரிந்துவிடும். எத்தனை கலசம், இலைக்கு எத்தனை கறி, ஏசி ரூமா சாதா ரூமா என்று கேட்டுக்கொள்வேன். "யோசிச்சு சொல்றோங்க" என்று எழுந்து வந்துவிடுவோம். அம்மா ஒவ்வொரு இடத்திலும் கூறைப்புடவை அவர்களே எடுத்துத் தருவார்களா என்று விசாரித்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

நாலாவது இடத்தில் நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "ஆவணி மாசம், அனுஷம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் மூன்று இடத்தில் கார்த்திகை, இங்கே ஆவணியா? இந்த ஆட்களெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்கிறவர்கள் ஆயிற்றே. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா உளறிக் கொட்டுறீங்க? காரியத்தையே கெடுத்துடுவீங்க போலருக்கே!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

டைரிகள் நிரம்பி வழிந்தன. ஆனால் டைரி நிரம்பியிருப்பதால் எனக்கு என்ன லாபம்? கூட்டம் இருப்பது வேறு, அதில் எனக்கு ஆள் மிஞ்சுவது வேறு. அதனால் கோயில் வாசலுக்கு எதிரே ஒரு பூக்கடைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். ஞாயிறும் புதனுமாக, வெவ்வேறு மாதங்களில் பத்து நாள் என்று முடிவு. இரண்டு சுருக்குப் பை, கை நிறையப் புளியங்கொட்டை. மாலை போட்ட ஜோடி ஒன்று உள்ளே போனால் ஒரு கொட்டை. குடை பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருந்தால் அது ஏற்கெனவே ஒரு பலகைக்குச் சொந்தம், வலது பை. யாரும் இல்லாமல் தானாக வந்தால் இடது பை. தானாக வருகிறவர்கள்தான் என் பிழைப்பு. பத்து நாளில் இடது பையில் ஐந்து கொட்டையாவது விழுந்தால் நிலத்தை விற்பது, இல்லாவிட்டால் மாயவரத்துக்கே திரும்பிப்போய் அதட்டல் வாங்குவது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அந்த நெரிசலில் முகம் பார்த்து எண்ண முடியாது. கழுத்தில் மாலை இருக்கிறதா, தலைக்கு மேல் குடை இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பேன்.

வலது பை நாளுக்கு இரண்டு தடவை நிரம்பியது. எல்லா ஜோடியும் காரிலிருந்து இறங்கும்போதே குடை தயாராக நிற்கும். ஒன்பது நாளில் இடது பையில் நாலே நாலு. அதிலும் இரண்டு ஜோடியைச் செருப்பு விடுகிற இடத்திலேயே தரகர்கள் மடக்கிவிட்டார்கள். நான் பிடிவாதமாக அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

பத்தாவது நாளை அப்பாதான் சொன்னார். "வர்ற வியாழக்கெழமை போயேன். நாங்களும் வர்றோம்." அம்மா இருப்பதில் நல்ல பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து வலது பைதான். உச்சி நெருங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் நடை சாத்திவிடுவார்கள்.

"நாலுதாம்ப்பா. போச்சு, எல்லாம் போச்சு" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"சரி, நாங்க சாமி பாத்துட்டு வர்றோம்" என்று இரண்டு பேரும் எழுந்து போனார்கள். நான் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு மாலைகள் உள்ளே போயின. மெலிசான கதம்ப மாலை. மேலே குடை இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. "ஐந்து!" என்று வாய்விட்டுக் கத்தியே விட்டேன். பூக்கடைக்காரம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். கொட்டையை இடது பையில் போட்டு இறுக்கி முடிந்தேன். அம்மாவும் அப்பாவும் வரட்டும், சொல்லிவிட வேண்டும் என்று கால் தரையில் பாவவில்லை.

வந்தார்கள். அம்மா நெற்றியில் புதுக் குங்குமம். இரண்டு பேர் கழுத்திலும் கதம்ப மாலை.

ஐந்தாவது கொட்டை இவர்கள்தானா என்று இடது பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னிக்கு ஆவணி அனுஷம்டி" என்றாள் அம்மா. "அப்பாவுக்கு அறுபது முடியுது. பெரிசா ஒண்ணும் பண்ணல. சாமி முன்னாடி மாலை மாத்திக்கிட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலாவது கடையிலயே சொன்னேன்ல" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு என் இடுப்பில் இருந்த பையைப் பார்த்தார். "அஞ்சு ஆச்சா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்புறம் என்ன? வித்துடு."

அந்தக் கொட்டையை எடுத்து வெளியே எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. எனக்கு அந்தப் பலகை வேண்டியிருந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் நிலம் கை மாறியது. ஐப்பசியில் திறந்த கடையில் நான் தை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். குடைகள் என் வாசலைத் தாண்டித்தான் போயின, ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. மாசியில் பலகையைக் கழற்றினேன். அப்பா பக்கத்து ஊர் ரைஸ் மில்லில் வாட்ச்மேனாகப் போனார். அடுத்த ஆவணிக்கு அவர் இல்லை.

அந்தத் தெருவில் நான் நடத்திவைத்த கல்யாணம் ஒன்றுகூட இல்லை. நான் நடத்திக் கொடுத்திருக்க வேண்டிய ஒரே கல்யாணத்தை எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.