டெசிபல் அக்காவின் எண்பத்தெட்டு

அந்த ஆஸ்பத்திரியின் காது பரிசோதனை அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவளை எல்லாரும் டெசிபல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வைத்த பேரோ, அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. கண்ணாடி ஜன்னல் வைத்த, வெளிச்சத்தம் புகாத சின்னக் கூண்டுக்குள் நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். வெளியே இயந்திரத்தின் முன்னால் அக்கா. பீப் சத்தம் கேட்டால் நோயாளி பொத்தானை அமுக்க வேண்டும். அது முடிந்ததும் அக்கா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு காதுக்கு இருபத்தைந்து சொல், சொல்லுக்கு நாலு மார்க். பழைய பட்டியல்கள் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அப்பேர்ப்பட்டவளுக்கே காது மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் வலது காதில் அடைப்பு, ஓயாத இரைச்சல். மூன்றாம் வாரம் இடது காதும் கூடச் சேர்ந்துகொண்டது. கூண்டுக்குள்ளிருந்து நோயாளி சொல்லும் பதில் சரியாக விழவில்லை என்று ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒருநாள் வராந்தாவில் காத்திருந்தவர்கள், உள்ளே இருப்பவர் சொல்லும் முன்பே கோரஸாகச் சொற்களை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளோடு வேலை செய்யும் இளையவள்தான் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கிட்டி எதுவும் இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியும்படி சொன்னார்.

"உடம்போட எதிர்ப்பு சக்தியே உள்காதை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. இதுதான்னு உறுதியாச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. நாலு வாரம் ஸ்டீராய்டு குடுத்துப் பார்ப்போம். கேட்கிறது ஏறினா மருந்தும் அதுதான், சாட்சியும் அதுதான்."

"ஏறலைன்னா?"

"வீணா உடம்பைக் கெடுக்க வேண்டாம், குறைச்சு நிறுத்திடுவோம். அதனால இன்னிக்கு எடுக்கிற டெஸ்ட்தான் அளவுகோல். ஒழுங்கா எடுத்துட்டு வாங்க."

ஒழுங்காக எடுத்தாளா? அங்கேதான் வினை. கூண்டுக்குள் போனாள். பீப் சோதனையில் அவள் சாமர்த்தியம் பலிக்கவில்லை. இளையவள் கையை மறைத்துக்கொண்டு, தோன்றியபோது சத்தம் கொடுத்தாள். அப்புறம் புதிதாக வந்த சொல் பட்டியலை எடுத்தாள். வலது காதில் பதின்மூன்று சொல்தான் தேறியது, ஐம்பத்திரண்டு. இடது காதில் நாற்பத்துநாலு. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. நோயாளி சொல்வதைக் கேட்க முடியாதவளை யார் இந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள்?

"நீ முணுமுணுக்கிறே! பழைய தாளை எடு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்டீ எனக்கு!"

இளையவள் முதல் தாளில் குறுக்கே கோடிழுத்துக் கோப்பின் கடைசியில் சொருகினாள். பழைய தாளில் அக்கா வெளுத்து வாங்கினாள். ஒரு சொல் காதில் பாதி விழுந்தால் போதும், அடுத்தது நாக்கில் தயாராக நின்றது. வலது எண்பத்தெட்டு, இடது எண்பத்துநாலு. தன் வியாதிக்கே காப்பியடித்துப் பாஸான முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

மறுநாள் காலையிலிருந்து அறுபது மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இவ்வளவும் டாக்டரம்மா சொன்னார். மருந்து பண்ணப்போகும் கூத்தை மட்டும் முழுசாகச் சொல்லவில்லை. நாலாம் நாள் அக்கா ஒரே உட்காரலில் ஆறு முட்டையைக் காலி செய்தாள். விடிவதற்குள் எழுந்து பீரோவை நகர்த்திப் பெருக்கினாள். வீட்டுக்காரர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அவருடைய சட்டைகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கிவிட்டாள். முகம் பூரித்து வட்டமானது. பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது.

"கேட்குதுங்க! குழாய் சொட்டுறது கேட்குது! நீங்க மனசுக்குள்ள திட்டுறதுகூடக் கேட்குது!"

"அது மட்டும் கேட்கவே வேணாம் தாயே," என்றார் அவர்.

நாலு வாரம் முடிந்தது. மறுபடி கூண்டு. ஒரே தாளைத் திரும்பப் போடக்கூடாது என்று டாக்டரம்மா எழுதி அனுப்பியிருந்ததால், இளையவள் புதுப் பட்டியலின் இரண்டாம் தாளை எடுத்தாள். அக்காவுக்கு அதில் ஒரு சொல்கூடப் பரிச்சயமில்லை. இருந்தும் வலதில் எண்பது, இடதில் எழுபத்திரண்டு. ஆட்டம் போடாத குறையாக டாக்டர் அறைக்குள் நுழைந்தாள், பின்னாலேயே கோப்போடு இளையவள்.

டாக்டரம்மா இரண்டு தேதிகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பீப் சோதனையில வலது எட்டு டெசிபல், இடது ஏழு ஏறியிருக்கு. குறைஞ்சது பத்து ஏறணும், அதுக்குக் கீழே உள்ளதை நம்ப முடியாது. சொல் மார்க்காவது நல்லா ஏறியிருக்கணும். அதுவோ எண்பத்தெட்டுலேர்ந்து எண்பதுக்கு இறங்கியிருக்கு. மருந்து வேலை செய்யலை. குறைச்சு நிறுத்திடலாம்."

"ஐயோ, நல்லாக் கேட்குது டாக்டரம்மா! சத்தியமா!"

"ஸ்டீராய்டு சாப்பிட்டா எல்லாமே நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். அதனாலதான் தோணுறதை வச்சு முடிவு பண்றதில்லை, தாளை வச்சுப் பண்றோம்."

அக்காவின் வாய் முதல்முறையாக நின்றது. மருந்தை நிறுத்தினால் காது போகும். காது போனால் நாற்காலியும் போகும். நாற்காலிக்குப் பயந்துதானே அந்த எண்பத்தெட்டை வாங்கினாள்! அவள் வாங்கிய மார்க்கே அவளுக்கு வந்த மருந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு நின்றது. இளையவள் தரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

"அந்த எண்பத்தெட்டு பொய்," என்றாள். மருந்து கொடுத்த வேகமோ என்னவோ, ஆரம்பித்ததும் அருவியாகக் கொட்டியது. "எனக்கு மனப்பாடம் டாக்டரம்மா. எனக்குக் கேட்டதே பாதிதான். இந்தப் புள்ள ஒழுங்காத்தான் எடுத்தா, நான்தான் அதட்டி மாத்தினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. கோடு போட்ட தாள்தான் நிஜம்."

டாக்டரம்மா திருப்பினார். ஐம்பத்திரண்டு, நாற்பத்துநாலு. பிறகு பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு காதுலயும் இருபத்தெட்டு மார்க் ஏறியிருக்கு. இது தற்செயலா வர்றதில்லை. மருந்து நல்லாவே வேலை செய்யுது. இன்னும் கொஞ்ச நாள் இதே அளவு, காது ஒரே நிலையில நின்னதும் மெதுவா, ரொம்ப மெதுவாக் குறைப்போம். குறைக்கிறப்போ இறங்கினா உடனே சொல்லணும். இது தீர்ந்துபோற வியாதின்னு நினைச்சுடாதீங்க. இருந்தாலும் இன்னொரு தாள் வச்சு ஒருதரம் பார்த்துடலாமா? நீங்க மருந்து போட்டாலும் போடாட்டாலும் உங்க பேச்சை இனிமே நம்ப எனக்குப் பயமா இருக்கு."

அக்கா சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது, இரண்டையும் துடைத்துக்கொண்டு கூண்டுக்குள் போனாள். மூன்றாம் தாள். முதல் ஆறு சொல்லும் பளிச்சென்று விழுந்தன. ஏழாவது, பஞ்சு அடைத்த மாதிரி ஏதோ வந்து போனது. ஊகித்துச் சொல்ல நாக்கு துடித்தது. அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"கேட்கலை," என்றாள்.

சொன்னதும் அவளுக்கே லேசாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளையவள் பல்லைக் காட்டிக்கொண்டு தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். வலது காது முடிவதற்குள் அக்கா இன்னும் நாலு தரம் அதையே சொன்னாள், ஒவ்வொன்றையும் முன்னதைவிட உரக்க.

வலது காது மறுபடியும் எண்பதில் நின்றது. இடது எழுபத்தாறு. அக்கா வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். இரண்டு மாசமாகப் போனில் அவர் பேசினால் வெறும் கரகரப்புதான் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மெசேஜ்தான்.

"வலதுல அஞ்சு தப்புங்க! அஞ்சே அஞ்சு தப்பு!"

வாழ்த்துவதா தேற்றுவதா என்று மனுஷன் குழம்பியிருக்க வேண்டும்.

"கண்ணு," என்றார் கடைசியில், மெதுவாக. "நான் பேசுறது உனக்குக் கேட்குதா?"

"கேட்குது," என்றாள் அக்கா. "மூக்கை உறிஞ்சுறதும் கேட்குது."