குணாளனின் புது மீசை

நோயில் கிடந்த மனைவி புனிதா பிழைத்து எழுந்தால் மீசையை எடுப்பதாக வேண்டிக்கொண்ட லோரி ஓட்டுநர் குணாளன், அவள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் பத்துமலை முருகன் கோயிலில் மழித்துக்கொண்டார். அது மறுபடி வளர்ந்ததும், கல்யாணப் படத்தோடு பிரிக்பீல்ட்ஸ் சலூனுக்குப் போனார்.

"இதே மாதிரி தொங்கு மீசை வை தம்பி."

கடைக்காரர் ஜீவன் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப வட்ட முகம் அண்ணே. இப்ப இளைச்சு நீண்டுருச்சு லா. நுனியைத் தொங்கவிட்டா இன்னும் நீளமாத் தெரியும். அகலமா, நேரா வைக்கிறேன். மேலுதடு மெலிசு, அதை மூடாம வெட்டுறேன்."

வீட்டில் குணாளன் தயங்கி நின்றார். "படத்துல உள்ள மாதிரி இல்ல."

"என் கட்டிலுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து இளைச்ச முகம்ங்க இது" என்று புனிதா மீசையைத் தடவினாள். "படத்துல இருக்குறவருக்கு இது எங்கே பொருந்தும்?"