நிறை கூடிய மூன்று மூட்டைகள்

நெடுந்தீவுக் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்துக்கு மாக்கிறேற் அக்கா பொறுப்பாக வந்த அன்றே, அவருக்குப் பயந்து எலிகளெல்லாம் புங்குடுதீவுக்கு நீந்திப் போய்விட்டன. இது சற்றுக் கூட்டிச் சொன்னது. எலிகள் இருக்கின்றன, மூட்டையைக் கடிக்கத்தான் தயங்குகின்றன.

உண்மையில் பயம் மாக்கிறேற்றுக்குத்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சாமானை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்துவிட்டால், பிறகு தெரியவரும் குறையெல்லாம் அவர் தலையில். முன்பு பொறுப்பாயிருந்தவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்து மொத்தக் கடையின் ஆள் நிசாந்தன், அருளப்புவின் படகில் சாமானோடு வந்து இறங்கினான்.

“அக்கா, பில்லிலை இருக்கிறபடி எல்லாம் சரி. கையெழுத்தைப் போடுங்கோ. காத்துக் கிளம்ப முதல் நான் போகவேணும்.”

“உம்மடை பில்லும் உம்மடை சாமானும் ஒத்துப்போகும்தான் தம்பி. ரெண்டும் ஒரே கடையிலை இருந்து வந்ததுகள்” என்றபடி, சங்கம் அனுப்பிய கொள்வனவுக் கட்டளையின் பிரதியை மாக்கிறேற் விரித்தார். அதில் தேயிலை பன்னிரண்டு பெட்டி. பில்லிலும் தரையிலும் பத்து.

“மற்ற ரெண்டும் பிறகு வரும் அக்கா.”

“வரட்டும். வந்தாப்பிறகு வந்ததெண்டு எழுதுவம்.”

அடுத்தது சீனி. இருபது மூட்டையும் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின. பதினேழு மூட்டை ஐம்பது கிலோ காட்டின. மூன்று, ஐம்பத்திரண்டு காட்டின.

நிசாந்தனின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களே, குறைவெண்டு சொன்னீங்கள், இதிலை ஆறு கிலோ கூட.”

மாக்கிறேற் அந்த மூன்றையும் ஒதுக்கி வைத்தார். வெளிப்பை வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. தைத்த வாயைப் பிரித்தபோது, உள்ளே சீனி கட்டிபட்டுக் கசிந்தது. ஒரு கிள்ளு எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் நாக்கில் பட்டதும் முகம் கோணிற்று.

“நெடுந்தீவுக் கடல், தம்பி. அதுக்கு நாங்கள் ஓடர் குடுக்கேல்லை.”

“அப்ப படகிலைதான் நனைஞ்சிருக்கும். அப்பிடியே எழுதுங்கோ.”

அருளப்பு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கை நனைஞ்சதெண்டு நான் காணேல்லை. கண்டதைத்தான் எழுதுவன்.”

கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதினார்: தேயிலை இரண்டு பெட்டி குறைவு. சீனி மூன்று மூட்டை உள்ளே ஈரம், உப்பு. ஏற்கவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது. களஞ்சியப் பதிவிலும் அதையே எழுதினார்.

“முதல் நீர் வையும்.”

நிசாந்தன் கையெழுத்து வைத்தான். அதன் கீழேதான் மாக்கிறேற் தன் பெயரை எழுதினார்.

மூட்டைகளைத் திரும்பத் தூக்கும்போது அருளப்பு சொன்னார்:

“அக்கா, ஒண்டு மட்டும் பிழையாச் சொல்லிப்போட்டியள். அது நெடுந்தீவுக் கடல் இல்லை. குறிகட்டுவான் கடல். படகிலை ஏத்த முதல், அந்தத் துறையிலை அலை அடிக்கிற ஓரமா மூட்டையை வச்சுப்போட்டு, தம்பி போனிலை கதைச்சுக்கொண்டு நிண்டவர்.”