ஒட்டுப் போட்ட சாக்கு

படம் ஓடும்போது சான்ட்ரா திரையைப் பார்க்கமாட்டாள். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில், விதைக்கடை மாடியில் இருக்கிறது அவளுடைய எடிட்டிங் அறை. கல்யாண வீடியோவை முடித்துக் கொடுக்கும் நாளில் வீட்டார் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பி, டிவிக்கு முதுகு காட்டி, அவர்களுக்கு எதிரே அமர்வாள். யாராவது கொட்டாவி விட்டாலோ, போனை எடுத்தாலோ, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை தொடங்கினாலோ இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொள்வாள். கடைசியில் மடங்கிய விரல்களைப் பார்த்து, “இந்த இடத்துல கொஞ்சம் குறைச்சுடறேங்க” என்பாள். அவர்களுக்கும் அதுதான் வேண்டியிருக்கும். வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குட்டையான உருவம். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். டீயை ஆறவிட்டு, ஆறிப்போச்சே என்று அதையே குறைசொல்லிக் குடிப்பாள். தாலி கட்டும் காட்சியை அவளைப்போல் வெட்ட இந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று பெயர். கை, மஞ்சள் கயிறு, மணப்பெண்ணின் இமை எல்லாம் திரை நிறைய நெருக்கத்தில், மெதுவாக, பின்னால் நாதஸ்வரத்தோடு வரும். அந்தப் பெயர்தான் பிறகு அவளுக்கு வினையாக வந்தது.

போன வருஷம் மாதா கோயில் திருவிழாவில் அவளுடைய குறும்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். பிரிந்துபோன கணவனும் மனைவியும் கடைசியில் கட்டிக்கொண்டு அழுவார்கள். கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தது சித்தப்பா மகன் கிளமென்ட், மைக்செட் பக்கத்தில் நின்றுகொண்டு. “எதுக்கு இப்ப அழுவுறாங்க?” என்று அவன் கேட்டது ஸ்பீக்கரிலும் கேட்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டது சரி என்று பட்டது. அந்த அழுகைக்குப் படத்தில் அதுவரை வேரே இல்லை. கடைசி நிமிஷத்தில் கொண்டுவந்து நட்டதுபோல நின்றது. ஆனால் அப்பாவிடம் ஒன்று சொல்லிவைத்தாள்: “அடுத்த வருசமும் சிரிச்சாங்கன்னா சென்னைல கூப்பிடுற அந்த எடிட்டிங் வேலைக்கே போயிடறேம்பா. கதையெல்லாம் நமக்கு வேணாம்.” மகள் போய்விட்டால் வீட்டில் அப்பா அருள்சாமி தனி ஆள்.

இந்த வருஷக் கதை இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றியது. பாகம் பிரிந்தபின் பேச்சில்லை. அண்ணன் வயல் மேலே, தம்பி வயல் கீழே. அண்ணன் மடையை அடைத்துவிட்டால் தம்பியின் நாற்று காயும். அண்ணனாக உண்மையான விவசாயி ரெங்கசாமி. தம்பியாக நடிக்க அவள் கிளமென்ட்டைத்தான் பிடித்தாள். “சிரிச்ச ஆளே வந்து நில்லுண்ணே.”

கடைசியில் யாரும் பேசக்கூடாது, அழக்கூடாது. அண்ணன் மனம் மாறியதை ஒரு பொருள் சொல்ல வேண்டும். எந்தப் பொருள் என்பதில்தான் பல வாரங்கள் போயின. முதலில் கொக்கு. அழகாக இருந்தது, ஆனால் கதைக்குள் அதற்கு வேலையில்லை, கூப்பிட்டாலும் வராது. பிறகு ஜெபமாலை. அதைப் பார்த்தவுடனே எல்லாருக்கும் அர்த்தம் தெரிந்துவிடும். படம் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாள் வாய்க்கால் கரையில் ரெங்கசாமி ஒரு சணல் சாக்கை விரித்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். தூறல் விழுந்ததும் அதையே மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சான்ட்ரா பின்னாலேயே போய், மடையை எதைக்கொண்டு அடைப்பீர்கள் என்று கேட்டாள். “இதையேதான். சேத்த அள்ளி அதுல வச்சு திணிச்சுட வேண்டியதுதான்” என்றார்.

பொருள் கிடைத்துவிட்டது. அவர் கையிலேயே கிடக்கிறது, தினமும் அதற்கு வேலை இருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேலை. உட்கார ஒரு தடவை, மழைக்கு ஒரு தடவை, மடையை அடைக்க ஒரு தடவை. கடைசியில் அதே சாக்கு ஈரத்தோடு வரப்பில் காய வேண்டும். சாக்கு வெளியே கிடந்தால் மடை திறந்திருக்கிறது. எல்லாச் சாக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ரோஜா நிறச் சேலைத்துண்டு ஒன்றை மூலையில் ஒட்டுப் போட்டாள். போன் திரையிலும் அடையாளம் தெரிய வேண்டும்.

எடுத்தாள், வெட்டினாள். கீழே விதைக்கடையில் இருக்கும் ராஜாத்தி அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான், ராஜாத்தி சொன்னாள்: “பாப்பா, இந்தச் சாக்குதான் கடைசில ஏதோ பண்ணப்போவுது.”

சான்ட்ரா முதல்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தாள். தாலிக்குச் செய்வதை அப்படியே சாக்குக்கும் செய்துவைத்திருந்தாள். ஒட்டு நெருக்கத்தில் வருகிறது, மெதுவாக வருகிறது, புல்லாங்குழல்கூட வருகிறது. “கல்யாணம் ஆன சாக்கு மாதிரில்ல இருக்கு” என்றாள் ராஜாத்தி.

மறு வெட்டில் நெருக்கக் காட்சியையெல்லாம் எடுத்துவிட்டு, தொலைவிலிருந்து எடுத்ததை மட்டும் வைத்தாள். அதில் சாக்கு ஒரு ஓரத்தில் சும்மா கிடந்தது. இப்போது முடிவில் ராஜாத்தி, “யாரு சாக்கு இது?” என்று கேட்டாள். அதுவும் ஒரு விரல்.

ஆக, கண் பார்க்க வேண்டும், மனம் கவனிக்கக்கூடாது. முதல் காட்சியை மறுபடி எடுத்தாக வேண்டும். அதற்குள் பயிர் முழங்காலுக்கு வளர்ந்துவிட்டது. வயல் தெரியாதபடி கேமராவைத் தாழ்த்தி, மூங்கில் கொத்தைப் பின்னால் வைத்தாள். ரெங்கசாமி நடவு மெஷின் வராததைப் பற்றி யாரையோ போனில் வைதுகொண்டே வர வேண்டும். பேச்சு நடுவே சாக்கை ஒரு உதறு உதறி, விரித்து, உட்கார வேண்டும். உதறும்போது ரோஜா நிறம் ஒரு கணம் பறக்கும். காதெல்லாம் திட்டில் இருக்கும். ரெங்கசாமிக்குத் திட்டுவதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. படப்பிடிப்பில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சாக்கை யாரும் பார்க்கவில்லை. சான்ட்ரா அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவைப் பற்றி கிளமென்ட்டுக்குச் சந்தேகம் தீரவில்லை.

“தண்ணி ஓடுறதக் காட்டாம எப்படிப் புரியும்? ஒரு ஷாட் போட்டுரு.”

“காட்டினா சாக்கு எதுக்குண்ணே?”

“சிரிப்பாங்க. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாத.”

“நீ சிரிக்காம இருந்தா போதும்.”

திருவிழா அன்று மாலை. கோயில் சுவரில் வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். சான்ட்ரா துணிக்குப் பக்கத்தில் நாற்காலியைக் கூட்டத்தைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ரெங்கசாமியின் திட்டுக்குக் கூட்டம் சிரித்தது. கொங்காணியோடு அவர் நடந்தபோது குழந்தைகள் கத்தின. அந்தச் சாக்கே சேறோடு மடைக்குள் போனபோது ஓர் அமைதி. ஒரு விரல்கூட மடங்கவில்லை.

கடைசிக் காட்சி. விடிகிறது. தம்பி மண்வெட்டியைத் தோளில் வைத்துச் சண்டைக்கு வருகிறான். வரப்பில் ஒட்டுப் போட்ட சாக்கு, நீர் சொட்டக் காய்கிறது. இசை இல்லை. தூரத்திலேயே நிற்கிறது கேமரா, அருகே போகவேயில்லை. அவன் நிற்கிறான். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்குகிறான்.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. சான்ட்ராவின் சுண்டுவிரல் பாதி மடங்கியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், தனக்குத்தானே பேசுவதுபோல: “தொறந்துட்டான்.” இன்னொரு குரல்: “ஆமா, சாக்கு வெளியில கெடக்கு பாரு.” அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள். மைக்செட் பக்கத்திலிருந்து கிளமென்ட் எட்டிப் பார்த்து, சென்னைக்கு எப்போது கிளம்புகிறாய் என்று கிண்டலாகக் கேட்டான். சான்ட்ரா எழுந்தாள், நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்துப் போட்டாள், கையை மடியில் விரித்துவைத்து, எல்லாரையும்போல உட்கார்ந்து படம் பார்த்தாள்.

சென்னைக்காரர்களிடம் வரவில்லை என்று அவள் அன்று காலையிலேயே சொல்லிவிட்டாள் என்பது அருள்சாமிக்கே பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தின நாள் கடைசி வெட்டைப் போட்டுக் காட்டியபோது, ராஜாத்தி சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். முடிந்தபிறகு, “இனிமே தம்பி வயலுக்குத் தண்ணி பாயும்ல பாப்பா?” என்று மட்டும் கேட்டாளாம்.